ஈவுத்தொகைக்கு முந்திய இரவு: கால் காண்டோரிலிருந்து அயர்ன் காண்டோருக்கு

பினாங்கில் இரவு ஒன்பதரைக்கு மேல் அமெரிக்கப் பங்குகளின் ஆப்ஷன்களில் ஈடுபடும் நான், ஒரு பங்கில் 95 டாலருக்கு வாங்கும் உரிமையான 95 கால் வாங்கி, 100, 110 கால்களை விற்று, 115 கால் வாங்கி, பங்கு 100-க்கும் 110-க்கும் இடையே நின்றால் அதிக இலாபம் தரும் கால் காண்டோரை 3.20 டாலருக்கு அமைத்திருந்தேன். பங்கு 107-இல் நின்றதால் நிம்மதியாகத் தூங்கப் போனேன். மறுநாள் கணக்கைத் திறந்தபோது நான் விற்ற 100 காலை வைத்திருந்தவர் செயல்படுத்தியதால் அது என்மீது அசைன் ஆகி, நூறு பங்குகள் கடன் விற்பனையாக நின்றன, பங்குக்கு 0.90 வீதம் 90 டாலர் ஈவுத்தொகையும் என் தலையில் விழுந்தது. 95 காலைச் செயல்படுத்திப் பங்குகளை ஈடுகட்டினேன். ஆனால் ஈவுத்தொகை யாருக்கு என்று தீர்மானிக்கும் நாள் கடந்துவிட்டதால் அந்த 90 டாலர் திரும்பவில்லை.

அறிகுறி முந்திய இரவே திரையில் இருந்தது: அதே 100 விலையில் விற்கும் உரிமையான புட் 0.25-க்குத்தான் விற்றது. புட்டின் விலை ஈவுத்தொகையைவிடக் குறைவாக இருந்தால், காலை வைத்திருப்பவர் அதை முன்கூட்டியே செயல்படுத்துவதே அவருக்கு இலாபம்.

இப்போது அதே நான்கு விலைகளில், கீழ்ப்பக்கம் 95, 100 புட்களைக் கொண்டு அயர்ன் காண்டோர் அமைக்கிறேன். ஏறத்தாழ 1.80 வரவாகிறது, தரகர் 500 டாலர் மார்ஜின் பிடித்தாலும், வரவைக் கழித்தால் சிக்குவது அதே 320 டாலர்தான். ஆழமான கால்களில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இருந்த அகன்ற இடைவெளி இந்தப் புட்களில் இல்லாததால், ஆர்டரும் நடுவிலைக்கு அருகிலேயே நிறைவேறுகிறது. பங்கு 110-ஐத் தாண்டினால் மட்டும், ஈவுத்தொகைக்கு முந்திய நாளே மேல்பக்கத்தை மூடிவிடுகிறேன்.