பைப் எங்கே, பாறை எவ்வளவு ஆழத்தில்? ஜிபிஆரும் காந்த அளவீடும், முதல்முறை செய்பவர்களுக்கு

பல்லாவரம் பக்கம் ஒரு மனை. 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். மேலே செம்மண், அதற்குக் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே சார்னோகைட் என்னும் கடினப் பாறை. (கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறைதான். பாறைக்குப் பெயர் வந்ததும் அதனால்தான்.) அஸ்திவாரம் தோண்டும் முன் வீட்டுக்காரருக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. மனைக்குள் ஓடும் பழைய இரும்புத் தண்ணீர்க் குழாய் எங்கே? பாறை எத்தனை அடியில்? இந்த ஒரு மனையை வைத்தே முறையைச் சொல்கிறேன்.

முதலில் மண்ணைப் பாருங்கள்

ஜிபிஆர் தரைக்குள் ரேடியோ அலையை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. களிமண் அந்த அலையை விழுங்கிவிடும். கரிசல் மண்ணிலும் கடலோர உப்புத் தண்ணீர் உள்ள இடத்திலும் ஒரு மீட்டர் தாண்டுவதே கஷ்டம். அங்கே கருவியை வாடகைக்கு எடுப்பது வீண் செலவு. கைப்பிடி மண்ணை நனைத்து உருட்டிப் பாருங்கள். மெல்லிய திரியாக நீண்டால் களி அதிகம் என்று அர்த்தம். எங்கள் செம்மண் உதிர்ந்துவிட்டது. சரி, வேலை நடக்கும்.

குழாய்க்கு 400 மெகா ஹெர்ட்ஸ் ஆன்டெனா, பாறைக்கு 100 மெகா ஹெர்ட்ஸ். அதிர்வெண் குறைந்தால் அலை ஆழமாகப் போகும், ஆனால் சின்னப் பொருள் தெரியாது.

கோடு போட்டு இழுப்பது

டேப்பை விரித்து கருவியை 10 மீட்டர் இழுத்து, அதன் தூரம் அளக்கும் சக்கரமும் 10 மீட்டர் என்று காட்டுகிறதா என்று சரிபாருங்கள். அப்புறம் ஒரு மீட்டர் இடைவெளியில் இணைகோடுகள். குழாய் கிழக்கு மேற்காகப் போகிறது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதால், கோடுகளை வடக்கு தெற்காகப் போட்டோம். கோடு குழாயைக் குறுக்கே, செங்குத்தாக வெட்ட வேண்டும். இது ஏன் முக்கியம் என்பது கீழே வருகிறது.

குழாயைத் தாண்டும்போது திரையில் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு வளைவு விழும். ஆன்டெனா குழாய்க்கு நேர் மேலே வருவதற்கு முன்பே அதைச் சாய்வாகப் பார்க்கத் தொடங்குகிறது, தாண்டிய பிறகும் கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டே போகிறது. அதனால்தான் அந்த வடிவம். கிண்ணத்தின் உச்சிதான் குழாய் இருக்கும் இடம். ஒரு கோட்டில் ஒரு கிண்ணம் தெரிந்தால் அது புதைந்த கல்லாகவும் இருக்கலாம். அடுத்தடுத்த ஐந்தாறு கோடுகளில் ஒரே வரிசையில் வந்தால்தான் குழாய்.

நேரத்தை ஆழமாக மாற்றுவது

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். திரையின் ஓரத்தில் மீட்டர் கணக்கு தெரியும், அதை அப்படியே எழுதிவிடுவார்கள். அது கருவியில் ஏற்கெனவே இருக்கும் வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு, உங்கள் மண்ணுக்கான கணக்கு அல்ல. வேகத்தை அந்தக் கிண்ணத்திலிருந்தே எடுக்கலாம்:

```
v = 2x / √(t² − t0²)
d = v · t0 / 2
```

`t0` என்பது உச்சியில் உள்ள நேரம். `t` என்பது உச்சியிலிருந்து `x` மீட்டர் தள்ளி அதே வளைவில் படிக்கும் நேரம். எங்களுக்கு உச்சியில் 20 நானோ நொடி, ஒரு மீட்டர் தள்ளி 28 நானோ நொடி. வேகம் நானோ நொடிக்கு 0.102 மீட்டர், குழாயின் மேல்பகுதி 1.02 மீட்டர் ஆழத்தில். கருவியில் காய்ந்த மணலுக்கான 0.15 இருந்தது. அதை நம்பியிருந்தால் ஒன்றரை மீட்டர் என்று எழுதியிருப்போம். ஜேசிபிக்காரர் தைரியமாக ஒன்றேகால் மீட்டர் வரை இறக்கியிருப்பார்.

குழாயைச் சாய்வாக வெட்டினால் கிண்ணம் அகலமாகிவிடும், வேகமும் கூடுதலாக வரும். 45 டிகிரியில் வெட்டியிருந்தால் இதே குழாய் 1.4 மீட்டர் ஆழம் என்று வந்திருக்கும். அதேபோல, கணக்கில் வேகம் 0.3 என்று வந்தால் அது தரைக்குள் இருப்பதே இல்லை. காற்றில் போய், சுவரிலோ மின்கம்பியிலோ பட்டுத் திரும்பிய அலை. 100 மெகா ஹெர்ட்ஸ் ஆன்டெனாவில் இது அடிக்கடி வரும்.

மேக்னெட்டோமீட்டர் நடை

ஜிபிஆருக்கு இரும்பா பிளாஸ்டிக்கா என்று உறுதியாகச் சொல்லத் தெரியாது. காந்தப்புலத்தை அளக்கும் மேக்னெட்டோமீட்டருக்கு, குழாய்களில் இரும்பு மட்டும்தான் தெரியும். பிவிசி குழாய் இருப்பதே அதற்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதன் காரணம் இதுதான்.

சாவிக்கொத்து, செல்போன், பெல்ட் பக்கிள் எல்லாம் வண்டியில் வைத்துவிட்டு அதே கோடுகளில் அரை மீட்டருக்கு ஒரு அளவு எடுங்கள். சென்னையில் காந்தப்புலம் சுமார் 41,000 நானோடெஸ்லா. பகலில் அது தானாகவே பல பத்து நானோடெஸ்லா ஏறி இறங்கும். அதனால் ஒரு மூலையில் ஒரு இடத்தைக் குறித்து, கால் மணிக்கு ஒருமுறை அங்கே திரும்பிவந்து அளந்து, அந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிடுங்கள்.

வெளிநாட்டுப் பாடப்புத்தகப் படம் இங்கே பொருந்தாது. நாம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், புலம் கிட்டத்தட்ட கிடையாகவே வடக்கு நோக்கிப் போகிறது. அதனால் கிழக்கு மேற்காகக் கிடக்கும் இரும்புக் குழாயின் நேர் மேலே அளவு கூடாது, குறையும். வடக்கு தெற்காகக் கிடந்தாலோ புலம் குழாயின் நீளவாக்கில் போவதால் நடுப்பகுதி அநேகமாகத் தெரியவே தெரியாது. முனைகளும் இணைப்புகளும் மட்டும் புள்ளிகளாகத் தெரியலாம். இரும்புக்குள் வார்த்த காலத்திலிருந்தே தங்கிய காந்தமும் இருப்பதால், நிஜத்தில் படம் இவ்வளவு சுத்தமாக வராது. ஒரு துண்டின் மேல் கூடும், அடுத்த துண்டின் மேல் குறையும்.

எங்களுக்கு அளவு குறையும் அந்தப் பள்ளம் தெளிவாகவே வந்தது. பாதி ஆழத்தில் அதன் அகலம் 1.9 மீட்டர். குழாய்க்கு அந்த அகலமே ஏறக்குறைய சென்சாரிலிருந்து குழாயின் நடுவரை உள்ள தூரம். சென்சார் தரைக்கு மேல் 0.8 மீட்டரில் இருந்ததால், கழித்தால் 1.1 மீட்டர். ஜிபிஆர் சொன்ன மேல்பகுதியோடு குழாயின் ஆரத்தைச் சேர்த்தாலும் அதேதான். இரண்டு கருவியும் ஒத்துப்போன இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டோம்.

பாறை

மூலையில் ஒரு பழைய கிணறு இருந்தது. எட்டிப் பார்த்தால் 3.2 மீட்டரில் கடினப் பாறை தொடங்குவது கண்ணுக்கே தெரிந்தது. கிணற்றை ஒட்டி 100 மெகா ஹெர்ட்ஸ் ஆன்டெனாவை இழுத்தபோது பாறையின் எதிரொலி 71 நானோ நொடியில். அப்படியானால் வேகம் 0.09. கீழே ஈரம் அதிகம், அதனால் அலை மெதுவாகப் போகிறது. குழாயிலிருந்து எடுத்த 0.102-ஐயே இங்கும் போட்டிருந்தால் 40 சென்டிமீட்டர் தவறியிருக்கும். மனையின் மறுமுனையில் எதிரொலி 47 நானோ நொடியில் வந்தது. அதாவது 2.1 மீட்டர். இந்த அதிர்வெண்ணில் கால் மீட்டர் முன்னே பின்னே இருக்கும் என்பதையும் அறிக்கையில் எழுதிவிட வேண்டும். கிணறு இல்லாத இடத்தில் ஒரு போர் குழியாவது போட்டு ஒப்பிடாமல் பாறை ஆழம் சொல்லாதீர்கள்.

ஆரம்பத்தில் ஒரு மனையில் நான் நிலத்தடி நீர்மட்டத்தையே பாறை என்று சொல்லிவிட்டேன். பளிச்சென்று, மேடு பள்ளமே இல்லாமல், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருந்தது. அந்தச் சமதளமே எனக்குச் சந்தேகம் தந்திருக்க வேண்டும். பாறையின் முகம் ஏறி இறங்கும், அதை ஒட்டிச் சின்னச் சின்னக் கிண்ணங்கள் சிதறிக்கிடக்கும். சிதைந்த பாறை படிப்படியாகக் கடினமாகும் இடத்தில் எதிரொலி மங்கலாகவே வரும். அங்கே ஒரே கோடாக வரைந்து கொடுக்காமல், "இதிலிருந்து இதுவரை" என்று பட்டையாகவே காட்டுங்கள்.

பாறை ஆழத்துக்கு மேக்னெட்டோமீட்டரை நான் நம்புவதில்லை. சார்னோகைட்டுக்குள் மேக்னடைட் என்னும் காந்தக் கனிமம் இருக்கிறது, இடத்துக்கு இடம் கூடும், குறையும். அளவு ஏறினால் பாறை மேலே வந்திருக்கிறதா, மேக்னடைட் கூடியிருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்த மனையிலேயே தென்மூலையில் குழாய் மாதிரி ஒரு பள்ளம் காட்டியது. ஜிபிஆரில் ஒரே கோட்டில் மட்டும்தான் அங்கே கிண்ணம். தோண்டியபோது வந்தது ஆளுயரத்தில் பாதி இருந்த ஒரு உருண்டைக் கல்.