பக்திப் பாடல் குழுவில் பிழை வந்தால்

வாட்ஸ்அப் குழுவில் பக்திப் பாடலைப் பகிரும்போது கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: பாடியவர், நூல், எண். உதாரணமாக, 'மாசில் வீணையும்' என்றால் 'அப்பர், ஐந்தாம் திருமுறை, 90வது பதிகம், முதல் பாடல்' என்று எழுதினால் போதும். யாரும் எடுத்துச் சரிபார்க்கலாம்.

இதே பாடல் மாணிக்கவாசகர் பெயரில், கடைசி வரி 'இணையடி நிழலே' என்று வந்தால்? அச்சுப் புத்தகத்தில் 'இணையடி நீழலே' என்றுதான் இருக்கும். குழுவில் உடனே திருத்த வேண்டாம். பெரியவர்கள் முன்னால் அது மனதைப் புண்படுத்தும். பகிர்ந்தவருக்குத் தனியாக எழுதுங்கள்: "நல்ல பாடல் அனுப்பினீர்கள். என் புத்தகத்தில் இப்படி இருக்கிறது, பாருங்கள்." கூடவே அந்தப் பக்கத்தின் படம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் அவரே செய்தியைத் திருத்திவிடலாம். நேரம் தாண்டிவிட்டால், பழைய செய்திக்கு மறுமொழியாகவே சரியான முழுப் பாடலையும் அவர் இடட்டும். 'திருத்தம்' என்று ஒரு சொல் மட்டும் போட்டால், அடுத்து பகிர்பவர் பழையதைத்தான் எடுப்பார்.

ஒன்று கவனியுங்கள். சில பாடல்களுக்குப் பதிப்புக்குப் பதிப்பு பாடபேதம் உண்டு. இரண்டும் அச்சில் இருந்தால் அது பிழையல்ல. எந்தப் பதிப்பு என்று மட்டும் கேளுங்கள்.