வாடகைக்கு ஃப்ளாட்டா, ரீட் யூனிட்டா? கணக்குப் போட்டு முடிவெடுக்கும் முறை

வாடகை வருமானம் வேண்டுமென்றால் ஒரு ஃப்ளாட் வாங்கலாம். அல்லது, பலரிடம் பணம் திரட்டி வாடகைக் கட்டடங்களை வைத்திருக்கும் ரீட் என்ற அமைப்பின் யூனிட்டை, அதாவது அதன் சிறு பங்கை, பங்குச்சந்தையில் வாங்கலாம்.

படி 1: கையில் நிற்கும் வாடகையைக் கண்டுபிடியுங்கள்

சென்னையில் 60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃப்ளாட் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முழு விலையையும் பத்திரத்தில் காட்டினால், முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என்று 5.4 லட்சம் கூடுதலாகிறது. மொத்த முதலீடு 65.4 லட்சம். வாடகை மாதம் 15,000. ஆண்டில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் வருவது 1,65,000. பராமரிப்புக்கு 24,000, சொத்து வரிக்கு 6,000 போனால் மீதி 1,35,000. அதாவது 2 சதவீதத்துக்குச் சற்று மேல். இடத்தின் விலை ஏறினால்தான் இந்த முதலீட்டுக்கு அர்த்தம் உண்டு என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

படி 2: உங்கள் பெயரில் எது இருக்கிறது என்று பாருங்கள்

ஃப்ளாட்டில் பத்திரம் உங்கள் பெயரில் இருக்கும், பிரிக்கப்படாத நிலப் பங்கும் உங்களுடையது. அதனால் வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் பார்க்கும் பொறுப்பும் உங்களுடையதுதான்.

ரீட் என்பது செபியின் 2014 விதிமுறைகளின்படி அமைக்கப்படும் ஒரு அறக்கட்டளை. அலுவலக வளாகங்களையும் மால்களையும் அது பெரும்பாலும் தனித்தனி நிறுவனங்கள் வழியாக வைத்திருக்கும். உங்களிடம் இருப்பது யூனிட் மட்டுமே. எந்தக் கட்டடத்தையும் காட்டி "இதில் என் பங்கைப் பிரித்துக் கொடு" என்று கேட்க முடியாது. சொத்து மதிப்பில் குறைந்தது 80% கட்டி முடித்து வருமானம் தரும் கட்டடங்களில் இருக்க வேண்டும், பகிரக்கூடிய பணத்தில் 90% யூனிட்தாரர்களுக்குப் போக வேண்டும் என்பவை உங்களுக்கான பாதுகாப்பு.

படி 3: வரும் பணத்தைப் பிரித்துப் பாருங்கள்

புதியவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ரீட் தரும் தொகை, அது தன் நிறுவனங்களுக்குக் கொடுத்த கடனுக்கான வட்டி, அந்த நிறுவனங்கள் தரும் டிவிடெண்ட், அந்தக் கடனின் அசல் திரும்பி வரும் கடன் திருப்பம் என்று கலந்து வரும். 400 ரூபாய்க்கு வாங்கிய யூனிட்டுக்கு ஆண்டில் 24 ரூபாய் வந்து, அதில் 10 ரூபாய் கடன் திருப்பம் என்றால், அந்தப் பத்துக்குப் பொதுவாக உடனே வரி இல்லை. ஆனால் விற்கும்போது உங்கள் வாங்கிய விலை 390 என்று கணக்காகி, லாபம் அந்த அளவு கூடும். வட்டிப் பகுதிக்கோ உங்கள் வருமான வரி விகிதப்படி இப்போதே வரி உண்டு.

படி 4: அவசரத்துக்கு விற்க முடியுமா?

ஃப்ளாட் விற்க மாதங்கள் ஆகலாம். மகள் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு அறையை மட்டும் விற்க முடியாது. ரீட் யூனிட்டை டீமேட் கணக்கிலிருந்து வேண்டிய அளவு விற்கலாம், மறு வேலைநாளில் பணம் வரும். அதற்குப் பதிலாக விலை தினமும் ஆடும். வட்டி விகிதம் ஏறினால் யூனிட் விலை இறங்கும் வாய்ப்பு அதிகம், கட்டடம் நிறைந்திருந்தாலும்கூட.

படி 5: காலாண்டு அறிக்கையில் மூன்று எண்கள்

எத்தனை சதவீத இடம் வாடகைக்குப் போயிருக்கிறது, ஒப்பந்தங்கள் சராசரியாக இன்னும் எத்தனை ஆண்டு ஓடும், சொத்து மதிப்பில் கடன் எவ்வளவு. கடனுக்கு விதிமுறை உச்சவரம்பு 49%. அதை நெருங்கும் ரீட்டில், அடுத்த சில ஆண்டுகளில் பெரிய வாடகைதாரரின் ஒப்பந்தமும் முடிகிறது என்றால், அதிக வருமானம் என்று தெரியும் சதவீதத்தை நம்பி வாங்காதீர்கள்.