'வாழ்க்கையில் என்ன செய்வது?': கேள்வியை உடைக்கும்போது நடக்கும் தவறுகள்

மொரீஷியஸில், ரோஸ்ஹில்லில் இருக்கும் என் சித்தி மகள் எச்.எஸ்.சி. முடித்துவிட்டு எபேன் சைபர்சிட்டியில் ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கிறாள். சம்பளம் மோசமில்லை. ஆனாலும், "வாழ்க்கையில என்ன செய்யப்போறேன்னே தெரியல அண்ணா" என்கிறாள். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழில் பட்டம் பெற்று ஆசிரியராகலாமா என்று ஒரு யோசனை.

கேள்வியைச் சிறிதாக உடை என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் உடைத்த துண்டும் அதே பெரிய கேள்வியாகவே இருப்பதுதான் முதல் தவறு. "எனக்கு ஆசிரியர் வேலை பிடிக்குமா?" என்று அவளும் எழுதி வைத்திருந்தாள். பார்க்கச் சிறியது, ஆனால் வருடக்கணக்கில் யோசித்தாலும் பதில் வராது. ஒரு மாதத்துக்குள் ஏதாவது ஒரு வேலையோ ஆளோ பதில் சொல்லும்படி அதை மாற்ற வேண்டும். "கூட்டமாக இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பாடம் சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் போகத் தோன்றுகிறதா?" என்று மாற்றினோம். கோயிலில் நடக்கும் தமிழ் வகுப்பில் நான்கு வாரம் உதவிக்குப் போனால் தெரிந்துவிடும். முதல் வாரத்தை நம்ப வேண்டாம், யாராக இருந்தாலும் களைத்துத்தான் திரும்புவார்கள். மூன்றாம், நான்காம் வாரத்தைப் பார்க்கவேண்டும். வகுப்புக்கு முந்தின இரவு, யாரும் கேட்காமலே பாட்டோ கதையோ தேடி எடுத்து வைக்கிறாளா, அல்லது வராமலிருக்கச் சாக்குத் தேடுகிறாளா? அவள் வாயால் சொல்வதைவிட இதை நான் அதிகம் நம்புவேன்.

இரண்டாவது தவறு, பதில் எதை மாற்றும் என்று யோசிக்காமல் கேட்பது. படிப்புக் கட்டணம் பற்றி வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. 2019 முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் முதல் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆகவே அந்தக் கேள்வி தேவையே இல்லை. உண்மையில் கேட்க வேண்டியது, மூன்று வருடம் அவள் சம்பளம் இல்லாமல் வீட்டுக் கடன் தவணை ஓடுமா என்பது. கேட்கும் முன் 'ஆம் என்றால் இது, இல்லை என்றால் அது' என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் கேள்வியை அடித்துவிடலாம்.

அப்புறம், யாரிடம் கேட்பது? ஓய்வுபெற்ற ஆசிரியரான பெரியப்பா தன் காலத்தைத்தான் சொல்வார். அன்பாகத்தான் சொல்வார், ஆனால் அவர் வேலைக்குச் சேர்ந்த நாடு இன்று இல்லை. கடந்த மூன்று நான்கு வருடத்தில் பணி கிடைத்தவர்களையும், இன்னும் காத்திருப்பவர்களையும் பார்க்க வேண்டும். "வேலை எப்படி?" என்று கேட்டால் "நல்லாயிருக்கு" என்பதோடு நின்றுவிடும். பட்டம் வாங்கி எத்தனை மாதம் காத்திருந்தீர்கள், அதுவரை எதில் சம்பாதித்தீர்கள் என்று கேட்க வேண்டும்.

இப்படி உடைத்த கேள்விகள் அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்கு மட்டும்தான் உதவும். நாற்பது வயதில் அவள் திருப்தியாக இருப்பாளா என்பதற்கு இதில் பதில் கிடையாது. காத்திருப்பு நீளம் என்று தெரிந்தால், வேலையை விடாமல் படிக்க வழி உண்டா என்பது அவளுடைய அடுத்த கேள்வி.