சீன் தலைப்பில் கோட்டை விடாதீர்கள்

வடபழனி, சாலிகிராமம் பக்கம் குறும்படம் எடுக்கும் தம்பிகள் திரைக்கதையைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். நாங்கள் உதவி இயக்குநர்களாக இருந்தபோது செய்த அதே பிழைகள் இன்னும் வருகின்றன. எழுத்துப்பிழையை விடுங்கள், அதை யாராவது திருத்திவிடுவார்கள்.

ஒரே தலைப்பில் மூன்று இடம்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். அண்மையில் படித்த ஒரு சீனின் தலைப்பு, 'உள் – செல்வி வீடு – இரவு'. ஆனால் செல்வி சமையலறையில் தோசை சுடுகிறாள், போன் வருகிறது, மொட்டை மாடிக்கு ஓடுகிறாள், கீழே தெருவில் குமார் பைக்கில் வந்து நிற்கிறான்.

ஷெட்யூல் போடுபவர் முதலில் தலைப்பைத்தான் பார்ப்பார். 'உள்' என்று இருந்தால், ஜன்னலில் கறுப்புத் துணி கட்டிப் பகலிலேயே இரவு சீனை எடுத்துவிடலாம் என்று காலை கால்ஷீட் போட்டுவிடுவார். மாடிக்கும் தெருவுக்கும் துணி கட்ட முடியுமா? இருட்டும்வரை மொத்த யூனிட்டும் காத்திருக்க வேண்டும். தெருவுக்குத் தனி லைட், ஜெனரேட்டர், அனுமதி எல்லாம் வேண்டும். நான் வேலை செய்த ஒரு படத்தில் இப்படித்தான் ஆனது. ஆறு மணிக்கு முடிய வேண்டிய வேலை நள்ளிரவைத் தாண்டியது.

கேமராவைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்கோ வெளியிலோ போக வேண்டுமென்றால் புதுத் தலைப்பு போடுங்கள். உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

```
.உள் – செல்வி வீடு, சமையலறை – இரவு

செல்வி தோசையைத் திருப்புகிறாள். போன் அடிக்கிறது.

.வெளி – செல்வி வீடு, மொட்டை மாடி – இரவு

செல்வி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கீழே பார்க்கிறாள்.

.வெளி – செல்வி வீட்டுத் தெரு – இரவு

குமார் பைக்கை நிறுத்துகிறான்.

@குமார்
(மேலே பார்த்து)
சாவியைப் போடு.
```

அடுத்த சீனில் இதே வீட்டை 'நாயகி இல்லம்' என்று எழுதாதீர்கள். பட்டியலில் அது இன்னொரு லொகேஷனாக ஏறிவிடும்.

அந்தப் புள்ளியும் @ குறியும்

சாதாரண டெக்ஸ்ட் கோப்பிலேயே திரைக்கதை எழுத உதவும் ஃபவுன்டன் முறையில் எழுதினால் இவை தேவை. ஆங்கிலத்தில் INT. என்ற தொடக்கத்தையும் பெரிய எழுத்தில் உள்ள பெயரையும் வைத்து மென்பொருள் புரிந்துகொள்ளும். தமிழில் பெரிய எழுத்து கிடையாதே. அதனால் தலைப்புக்கு முன்னால் புள்ளி, பெயருக்கு முன்னால் @. பெயருக்கும் வசனத்துக்கும் நடுவே வெற்று வரி விடக் கூடாது. விட்டால் வசனம் வெறும் விவரிப்பாகி இடது ஓரத்துக்குப் போய்விடும்.

மனதுக்குள் நடப்பதை எழுதுவது

'பழைய காதலை நினைத்து வருந்துகிறாள்' என்பதைப் படம் பிடிக்க முடியாது. அவள் என்ன செய்கிறாள் என்று நிகழ்காலத்தில் எழுதுங்கள்.

வசனத்துக்குள் அசைவு

பேசும்போது ஆள் செய்யும் அசைவை வசனத்திலிருந்து பிரித்து எழுதுங்கள். அடைப்புக்குறிக்குள் ஒன்றிரண்டு சொல் போதும்.

ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்

முதல் சீனில் 'அப்பா', ஐந்தாவதில் 'ராமசாமி' என்று எழுதினால் நடிகர் பட்டியலில் இரண்டு பேர் வருவார்கள். மகள் அவரை வசனத்தில் அப்பா என்றே கூப்பிடட்டும். வசனத்துக்கு மேலே உள்ள பெயர் மட்டும் கடைசி சீன்வரை ராமசாமியாகவே இருக்கட்டும்.