பழைய மின்னஞ்சலை மூடுவதற்கு முன்

என் பழைய மின்னஞ்சல் முகவரி 2005-இல் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தொடங்கியது. பெயருக்குப் பின்னால் ஓர் அடிக்கோடும் பிறந்த ஆண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். தொலைபேசியில் அதை எழுத்துக்கூட்டிச் சொல்லி முடிப்பதற்குள் மறுமுனையில் இருப்பவருக்குச் சலித்துவிடும். அதைக் கைவிட்டு ஜிமெயிலில் புது முகவரிக்கு மாற முடிவு செய்தபோது, ஒரு சனி, ஞாயிறில் முடிகிற வேலை என்றுதான் நினைத்தேன். ஐந்து மாதம் இழுத்தது. என்னென்ன கணக்குகள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும் என்று நம்பியதுதான் முதல் தவறு.

நினைவிலிருந்து எழுதிய பட்டியலில் முப்பது பெயர்கூடத் தேறவில்லை. பழைய அஞ்சல்பெட்டியிடமே கேட்டிருக்க வேண்டும். ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கும்போது வரும் அஞ்சல்களில் சில சொற்கள் தப்பாமல் இருக்கும்: `welcome`, `verify your email`, `reset your password`, `OTP`, `invoice`. இவற்றை ஒவ்வொன்றாகத் தேடினால் மறந்துபோன கணக்குகள் வரிசைகட்டி வருகின்றன. பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் மீதியும் அகப்படும். என் பட்டியல் நூற்றுப் பத்தைத் தாண்டியது. பாதிக்கு மேல் செத்த கணக்குகள். அவற்றை மாற்றுவதைவிட அழிப்பது எளிது. ஆனால் அழிப்பதை உறுதிப்படுத்தும் இணைப்பும் பழைய முகவரிக்குத்தான் வரும்.

அடுத்தது வரிசைத் தவறு. எடுத்த எடுப்பில் வங்கியை மாற்றத் தோன்றும். அதற்கு முன்பே புது அஞ்சல்பெட்டியின் சாவிகளைச் சரிபார்க்க வேண்டும். புது முகவரியைத் தொடங்கும்போது 'மீட்பு மின்னஞ்சல்' என்று ஒன்று கேட்பார்கள். நான் பழையதைக் கொடுத்தேன். பழையதன் மீட்பு முகவரியாகப் புதியதை வைத்தேன். ஒன்றுக்கொன்று காவல் என்று அப்போது பட்டது. உண்மையில், பூட்டிய இரண்டு பெட்டிகளில் ஒன்றன் சாவி மற்றொன்றுக்குள் கிடப்பது போன்றதுதான் இது. பழையது மூடப்படும் நாளில் புதியதன் மீட்பு வழியும் சேர்ந்து போய்விடும். பழையதற்குப் புதியது காவலாக இருக்கலாம். புதியதற்குப் பழையது இருக்கக் கூடாது. புதியதற்குக் கைபேசி எண்ணைக் கொடுத்து, இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான மாற்றுக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு வைத்தேன். அந்தத் தாள் குடும்ப அட்டை இருக்கும் கோப்பில் இருக்கிறது.

இரண்டாவதாக, எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே பெட்டகத்தில் பூட்டிவைக்கும் கடவுச்சொல் மேலாளரைப் பயன்படுத்துபவர்கள் அதிலுள்ள முகவரியை மாற்ற வேண்டும். பிட்வார்டன் போன்றவற்றில் மின்னஞ்சல் முகவரி வெறும் பயனர் பெயர் மட்டுமல்ல. பெட்டகத்தைத் திறக்கும் சாவியை உருவாக்கும் கணக்கீட்டில் அதற்கும் பங்கு உண்டு. முகவரியை மாற்றியதும் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றிவிடும். முதன்மைக் கடவுச்சொல் சரியாக நினைவிருக்கிறதா என்று பார்த்து, பெட்டகத்தை ஒரு நகல் எடுத்த பிறகே அதைத் தொட வேண்டும். இவ்விரண்டும் முடிந்தபின் வங்கி, வருமான வரி, முதலீடு என்று போகலாம். கடைகளும் சினிமா டிக்கெட் தளங்களும் கடைசியில் வந்தால் போதும்.

பழைய முகவரியும் ஜிமெயிலாக இருப்பவர்களுக்கு ஒரு தனிப் பள்ளம் இருக்கிறது. `Continue with Google` என்ற பொத்தானை அழுத்தித் தொடங்கிய கணக்குகளுக்குக் கடவுச்சொல்லே கிடையாது. அங்கே சுயவிவரத்தில் மின்னஞ்சலை மாற்றினால், கடிதங்கள் போகும் இடம் மட்டும் மாறலாம். கதவு அந்தப் பழைய கூகுள் கணக்கோடுதான் கட்டப்பட்டிருக்கும். கூகுள் கணக்கை அழித்தால் கதவும் போய்விடும். எந்தெந்தத் தளங்கள் இப்படி இணைந்திருக்கின்றன என்பதை `myaccount.google.com/connections` பக்கத்தில் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் முதலில் கடவுச்சொல் ஒன்றை அமைத்து, பிறகு மின்னஞ்சலை மாற்றி, கடைசியில்தான் கூகுள் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசியின் வாட்ஸ்அப் காப்புப்பிரதியும் ஒரு கூகுள் கணக்கில்தான் இருக்கிறது. அதைப் புதுக் கணக்குக்கு மாற்றி ஒருமுறை காப்புப்பிரதி எடுக்கும் வரை பழையதில் கை வைக்க வேண்டாம். பிளே ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கிய செயலிகளோ பழைய கணக்கோடுதான் நிற்கும், கூடவே வராது.

மாற்றியாகிவிட்டது என்று திரையில் வந்ததை நம்பி அடுத்த கணக்குக்குப் போவது இன்னொரு தவறு. எனக்கு அதிகம் வேலை வைத்தது அதுதான். பல தளங்கள் புது முகவரிக்கு, மாற்றத்தை உறுதிப்படுத்தும் இணைப்பு ஒன்றை அனுப்பும். அதைச் சொடுக்காதவரை உள்ளே பழைய முகவரிதான் நடப்பில் இருக்கும், திரையில் புதியது தெரிந்தாலும்கூட. இதற்கு நான் கண்ட நம்பகமான சோதனை ஒன்றுதான். அந்தத் தளத்தில் ஒரு பிரவுசரில் உள்நுழைந்தபடியே இருந்துகொண்டு, இன்னொரு தனிச் சாளரத்தில் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதை அழுத்திப் புது முகவரியைக் கொடுக்க வேண்டும். மீட்பு அஞ்சல் புதுப் பெட்டிக்கு வந்தால் மாற்றம் உண்மை. வராவிட்டால் திறந்திருக்கும் முதல் பிரவுசரிலேயே சரிசெய்துகொள்ளலாம். இரண்டு இடத்திலும் வெளியேறிவிட்டுச் சோதிப்பவர்கள் வாசலில் நிற்க நேரிடும்.

மியூச்சுவல் ஃபண்டில் இந்தச் சோதனையும் போதவில்லை. முதலீட்டுச் செயலியில் முகவரியை மாற்றினேன், சோதனையும் சரியாக வந்தது. மாற்றம் நடந்ததோ செயலியில் மட்டும்தான். ஃபண்டு நிறுவனத்தில் நம் பெயரில் இருக்கும் கணக்குக்கு ஃபோலியோ என்று பெயர்; ஒவ்வொரு ஃபோலியோவிலும் தனித்தனியாக ஒரு மின்னஞ்சல் பதிவாகியிருக்கும். ஃபண்டு நிறுவனங்களுக்காக முதலீட்டாளர் பதிவுகளைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் தளங்களில் ஒருங்கிணைந்த கணக்கறிக்கை கேட்டால், கொடுக்கும் மின்னஞ்சல் எந்த ஃபோலியோக்களில் பதிவாகியிருக்கிறதோ அவைதான் அறிக்கையில் வரும். புது முகவரியைக் கொடுத்துக் கேட்டேன். ஏழு ஃபோலியோக்களில் இரண்டுதான் வந்தன. பணம் எங்கும் போகவில்லை என்று புரிய அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரம் வீட்டில் யாருடனும் பேசவில்லை. மீதி ஐந்தும் முன்பு வேறு வழியில் வாங்கியவை. அவற்றுக்குத் தனியாக மாற்றக் கோரிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. ஒருவகையில் இந்த அறிக்கை நல்ல அளவுகோல். பழைய முகவரிக்கு அறிக்கை கேட்டால் எதுவும் வராத நாளில்தான் அந்த வேலை முடிந்தது என்று பொருள்.

எல்லாம் மாற்றிய பிறகு பழையதை அழித்துவிடும் ஆசை வரும். அழிக்கக் கூடாது. யாஹூ 2013-இல் ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத முகவரிகளை வேறு ஆட்களுக்கு வழங்கியது. பழைய உரிமையாளரின் தனிப்பட்ட அஞ்சல்கள் புதியவருக்குப் போய்ச் சேர்ந்த செய்திகள் அப்போது வந்தன. நம் முகவரி இன்னொருவர் கைக்குப் போனால், நாம் மாற்ற மறந்த கணக்குகளின் மீட்பு இணைப்பும் அவருக்கே போகும். அழிக்காமல் சும்மா விட்டுவைத்தாலும் ஆபத்துதான். கூகுள் 2 ஆண்டுகள் பயன்பாடில்லாத கணக்குகளை நீக்கலாம் என்ற விதியை 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்துகிறது. அதனால் நாட்காட்டியில் குறித்துவைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய பெட்டிக்குள் நேரடியாக உள்நுழைகிறேன்.

அஞ்சல்களைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் வசதியை அமைப்பது நல்லது. ஆனால் சில இலவசச் சேவைகளில் அது கட்டணம் கட்டுபவர்களுக்கு மட்டுமே. ஜிமெயிலில் ஸ்பேமில் விழுந்தவை அப்படி அனுப்பப்படுவதில்லை என்பதால், அந்தப் பெட்டியை நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும். புதுப் பெட்டியில் ஒரு வடிகட்டி வைத்து, பழைய முகவரியின் பெயருக்கு வரும் ஒவ்வொன்றுக்கும் 'விட்டுப்போனது' என்று முத்திரை குத்தச் செய்திருக்கிறேன். முதல் மாதம் அந்த முத்திரையோடு நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு வந்தன. நான்காவது மாதம் வாரத்துக்கு ஒன்றிரண்டு. ஆறாவது மாதம் எதுவுமில்லை. பழையதை மூடிவிடலாமா என்று அப்போது ஒருமுறை யோசித்தேன். பதினோராவது மாதத்தில், ஆண்டுக்கு ஒரே ஒருமுறை மட்டும் கடிதம் போடும் ஸ்கூட்டர் காப்பீட்டுக்காரரின் புதுப்பிப்பு நினைவூட்டல் அதே முத்திரையோடு வந்து விழுந்தது.