காப்பித்தூள் உறையில் முதலில் படிக்க வேண்டிய வரி

இரண்டு ஃபில்டர் காப்பித்தூள்களை ஒப்பிடும்போது நம்மில் பலர் டிகாஷனின் நிறத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறோம். கள்ளிச்சொட்டாக இறங்கினால் நல்ல தூள், வெளிறி இறங்கினால் மட்டம். முதல் தவறே இதுதான். வறுத்த சிக்கரி, காப்பியைவிட வெகு அதிகமாக நீரில் கரையும். அதனால் சிக்கரி கூடக்கூட டிகாஷன் கருத்துத் திடமாகும். அந்தத் திடத்தில் காப்பியின் மணம் இருக்காது, காஃபீன் அறவே கிடையாது. சிக்கரி கலப்பது குற்றமல்ல. பால் காப்பிக்கு அது தரும் கனம் எனக்கும் பிடிக்கும். எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்காமல் வாங்குவதுதான் பிழை.

காப்பி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம் என்று உறையில் அச்சிட வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஆகவே ஏறக்குறைய பாதி சிக்கரியாக உள்ள தூளும் சட்டப்படி சரியானதே.

விலையை இந்த வரியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஒரு கணக்குக்காக, அரை கிலோ தூள் ஒன்று 400 ரூபாய், அதில் சிக்கரி 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று 480 ரூபாய், சிக்கரி 20 சதவீதம். முதலாவதில் காப்பி 300 கிராம். இரண்டாவதில் 400 கிராம். 80 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் 100 கிராம் காப்பி அதிகம் கிடைக்கிறது. மலிவாகத் தெரிந்தது உண்மையில் மலிவு இல்லை.

'80:20' என்று மட்டும் எழுதியிருந்தால் எது எண்பது, எது இருபது என்று கேளுங்கள். அது அராபிகா, ரொபஸ்டா என்ற இரண்டு காப்பி இனங்களுக்கு இடையிலான விகிதமாகவும் இருக்கலாம். 'பீபெரி' என்ற சொல்லும் இப்படித்தான் மயக்கும். பழத்துக்குள் இரண்டு கொட்டைகளுக்குப் பதிலாக ஒன்றே உருண்டையாக விளைந்தால் அது பீபெரி. அராபிகாவிலும் உண்டு, ரொபஸ்டாவிலும் உண்டு. பிளாண்டேஷன் என்றால் பழத்தோலை நீக்கி நீரில் கழுவிப் பதப்படுத்திய அராபிகா. இவையெல்லாம் காப்பிப் பங்கைப் பற்றிய பேச்சு; சிக்கரியின் அளவைச் சொல்லாது.

அடுத்தது புதுமை. 'புத்தம் புதிது' என்ற வாசகத்தைவிடத் தேதிதான் பேசும். ஆனால் பெரும்பாலும் அச்சாவது பொட்டலமிட்ட தேதி. வறுத்த தேதி அல்ல. அரைத்த தூள் காற்றுப் பட்டால் ஓரிரு வாரங்களிலேயே மணம் குன்றும். ஆறு மாதம் தள்ளி உள்ள 'பயன்படுத்த உகந்த தேதி' அந்த மணத்துக்கு உறுதி தராது. வறுத்து அதிக நாள் ஆகாத தூளில் வெந்நீர் ஊற்றினால் வாயு வெளியேறி, தூள் உப்பிக் குமிழி விடும். பழைய தூள் சேறுபோல அமிழும். ஒரே சிக்கரி விகிதமுள்ள தூள்களுக்குள் மட்டும் இதை ஒப்பிடுங்கள். தூளைத் தராசில் ஒரே எடையாக நிறுத்துப் போட்டு, பாலும் சர்க்கரையும் சேர்க்கும் முன் டிகாஷனை ஒரு வாய் ருசித்துப் பாருங்கள்.